ஜோடி சேர்த்துக் கூட்டும்போது தவறு எங்கே வருகிறது?

1 முதல் 100 வரையுள்ள எண்களின் கூடுதல் 5050. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் 101. அடுத்து 2-ஐயும் 99-ஐயும் சேர்த்தாலும் 101தான். இடப்பக்கம் ஒன்று ஏறும்போது வலப்பக்கம் ஒன்று இறங்குவதால் ஜோடியின் கூடுதல் மாறுவதே இல்லை. 50 + 51 என்ற கடைசி ஜோடி வரை மொத்தம் 50 ஜோடிகள், ஆக 50 × 101 = 5050. ஜெர்மன் கணித மேதை காஸ் சிறுவனாக இருந்தபோது வகுப்பில் இப்படிக் கூட்டிக் காட்டியதாகக் கதை சொல்வார்கள். ஆனால் இந்த வழி அதைவிட மிகப் பழையது. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்று 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

இந்த விதியில் மூன்றே விஷயங்கள்தான் உண்டு: முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, எண்ணிக்கை. மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பெருக்கலில் வருவதில்லை; இந்த மூன்றைக் கண்டுபிடிக்கும் இடத்திலேயே வந்துவிடுகின்றன.

முதலில் ஒரு சின்ன சிக்கல். 1 முதல் 99 வரை கூட்டச் சொன்னால் 49 ஜோடிகள் சேர்ந்த பிறகு நடுவில் 50 தனியாக நிற்கும். அதை விட்டுவிட்டு 4900 என்று எழுதுவோர் உண்டு. சிலர் அதையும் ஒரு ஜோடியாக எண்ணி 5000 என்பார்கள். இதிலிருந்து தப்பிக்க, தொடரை ஒரு முறை ஏறுவரிசையிலும் அதன் கீழே இறங்குவரிசையிலும் எழுதிப் பாருங்கள். மேலும் கீழும் சேர்த்தால் 99 இடங்களிலும் 100 வரும். மொத்தம் 9900. தொடரை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம், அதனால் பாதி எடுத்தால் 4950. எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்ற கவலையே இங்கே இல்லை. சூத்திரத்தில் 2-ஆல் வகுப்பது ஏன் என்பதும் இதில் தெரிந்துவிடும். அது தெரியாமல் மனப்பாடம் செய்தவர்கள்தான் 100 × 101 = 10100 என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, இப்போது எந்தக் கூட்டுத்தொடருக்கும் பொருந்தும் ஒரு கணக்கு. 100-க்கும் 500-க்கும் இடையே 7-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களைக் கூட்ட வேண்டும்.

வினாவில் 100, 500 என்று இருப்பதால் அவையே இரு முனைகள் என்று எடுத்துக்கொள்வது ஒரு தவறு. இரண்டுமே 7-ஆல் வகுபடாதவை. தொடர் 105-இல் தொடங்கி 497-இல் முடிகிறது. ஜோடியின் கூடுதல் 602, 600 அல்ல.

அடுத்தது எண்ணிக்கை. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான் என்பேன். 497 − 105 = 392, அதைப் பொது வித்தியாசமான 7-ஆல் வகுத்தால் 56. பலர் இதையே உறுப்புகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 56 என்பது 105-இலிருந்து 497 வரை போக எத்தனை தடவை 7 கூட்டினோம் என்பது. புறப்பட்ட இடத்தில் இருந்த 105-ஐயும் எண்ண வேண்டும், எனவே உறுப்புகள் 57. கூடுதல் 57 × 602 ÷ 2 = 17157.

56 என்று வைத்திருந்தால் 16856 வந்திருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 301. அது 602-இல் சரிபாதி, அதாவது தொடரின் சராசரி. முனைகள் சரியாக இருந்து எண்ணிக்கையில் மட்டும் ஒன்று தவறினால் விடை எப்போதும் ஒரு சராசரி அளவு தள்ளிப்போகும். விடைத்தாளில் அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே எங்கே பிழை என்று சொல்லிவிடலாம்.

விடையைச் சரிபார்க்க 7-ஆல் வகுத்துப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. முனைகளைத் தவறாக எடுத்திருந்தால் 57 × 300 = 17100 வரும்; அது 7-ஆல் வகுபடாது, உடனே மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கையில் தவறிய 16856 வகுபட்டுவிடும்! அதற்கு வேறு வழியில் எண்ண வேண்டும். 500 வரை 7-இன் மடங்குகள் 71, 100 வரை 14, கழித்தால் 57.

அப்புறம், ஜோடி சேர்க்கக் கூடாத இடத்தில் சேர்ப்பது. 1² முதல் 100² வரை கூட்டச் சொன்னால் முனைகளைச் சேர்த்து 50 × 10001 = 500050 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான விடை 338350. சூத்திரத்தைத் தொடும் முன் இரண்டாவது ஜோடியைப் போட்டுப் பாருங்கள். முதல் ஜோடி 1 + 10000 = 10001, இரண்டாவது 4 + 9801 = 9805. வர்க்கங்களில் இடப்பக்கம் 3 ஏறும்போது வலப்பக்கம் 199 இறங்குகிறது, அதனால் ஜோடிகள் சமமாக இருக்க வழியே இல்லை.