தாதியரை வேலைக்கு அழைக்கும் காணொளி: எழுத்துப்பிரதியை இரவுக் கடமையிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நான் முதன்முதலாக எழுதிக் கொடுத்த ஆட்சேர்ப்புக் காணொளியில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. வெளியிட்ட பிறகு தொலைபேசியில் வந்த கேள்விகளோ வேறு மாதிரி இருந்தன. "மாதத்தில் எத்தனை இரவு?", "மாலை ஏழு மணிக்குக் கடமை முடிந்தால் பருத்தித்துறைக்கு எப்படிப் போவது?" இரண்டுக்கும் காணொளியில் பதில் இல்லை. இரண்டாவது முறை எழுதியபோது எடுத்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். இரண்டு நிமிடக் காணொளிக்கு இது போதும்.

1. முதலில் கடமைப் பட்டியலைக் கேளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன், முடிந்த இரண்டு மாதங்களின் கடமைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அச்சிட்டுத் தருகிற சுத்தமான பிரதி வேண்டாம். விடுதி மேசையில் கிடக்கும், பேனாவால் வெட்டித் திருத்திய பிரதிதான் வேண்டும். அந்த வைத்தியசாலையில் காலை 7 முதல் 1 வரை, மாலை 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் காலை 7 வரை என்று மூன்று கடமைகள். அச்சுப் பிரதியின்படி ஒருவருக்கு மாதம் ஆறு இரவுகள். திருத்திய பிரதியில் எண்ணிப் பார்த்தால் சிலருக்கு எட்டு. இருவர் விலகிப் போனதால் அவர்களுடைய இரவுகளை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

காணொளியில் எந்த எண்ணைச் சொல்வது? "ஆறு முதல் எட்டு இரவுகள்" என்றே எழுதினேன். ஆறு என்று நம்பி வந்தவர் எட்டாவது இரவில் ஏமாந்துபோவார். எட்டு என்று தெரிந்து வருபவர் அதற்கு ஏற்பத் தம் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டு வருவார்.

2. வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள்

தாதியர் பேசும் பகுதியை நீங்களே எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், முதல் வாக்கியத்திலேயே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத ஒருவர், சிறு பிள்ளைகள் உள்ள ஒருவர், விடுதிப் பொறுப்புத் தாதி ஒருவர். ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசுங்கள். அதே அறையில் மேட்ரன் இருந்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"இங்கே வேலை செய்யப் பிடித்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஓம்" என்பதற்கு மேல் எதுவும் வராது. "கடைசியாகச் செய்த இரவுக் கடமையில், மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னது இது (அவர் யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னதை எழுத்துத் தமிழில் தருகிறேன்): "ஒரு ஐயாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று பயந்துகொண்டு நின்றேன். சிஸ்டர் வந்து, 'எழுப்பு, பேச்சு விழுந்தால் அது என்னோடு' என்றார்." நிர்வாகம் முன்பு தந்த பக்கத்தில் இருந்த "நட்பான பணிச்சூழல்" என்ற தொடரை அப்போதே வெட்டிவிட்டேன்.

பேட்டியை விடுதியில் எடுக்காதீர்கள். தரை ஓட்டிலும் வெற்றுச் சுவரிலும் குரல் எதிரொலிக்கும். படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் அடுக்கியிருக்கும் அறை நல்லது, துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பதிவைத் தொகுத்ததும், பேசியவருக்கு முதலில் காட்டுங்கள், நிர்வாகத்துக்குப் பிறகு. அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

3. விடுதிக் காட்சிகள்

காலை ஏழு மணிக்குக் கடமை மாறும் நேரத்திலும், டாக்டர்கள் சுற்றிப் பார்க்கும் நேரத்திலும், பார்வையாளர் நேரத்திலும் கேமராவோடு உள்ளே போகாதீர்கள். எங்களுக்குப் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை வசதியாக இருந்தது. நோயாளி எவரையும் படம்பிடிக்கவில்லை. காலியான ஓர் அறையில் ஊழியர் ஒருவரே போர்வை போர்த்திக்கொண்டு படுத்தார், திரையின் அடியில் "நடித்துக் காட்டிய காட்சி" என்று எழுதினோம். அதன் பிறகும் ஆபத்து தீரவில்லை. கட்டிலில் தொங்கும் அட்டை, சுவர்ப் பலகை, கணினித் திரை, மணிக்கட்டுப் பட்டி ஆகிய நான்கிலும் பெயர் இருக்கும். படம்பிடித்ததைப் பெரிய திரையில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எங்கள் காட்சி ஒன்றில் கண்ணாடிக் கதவின் பிரதிபலிப்பில் பலகை முழுவதும் தெரிந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

இன்னொன்று. இந்தக் காணொளியைப் பார்க்கப் போகிறவர்கள் தாதியர். கையைச் சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொட்டாலோ, கையுறையோடு பேனா பிடித்து எழுதினாலோ, மணிக்கூடும் மோதிரமும் அணிந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டாலோ உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். பொறுப்புத் தாதியைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிழை கண்டால் சத்தம் போடச் சொல்லுங்கள்.

4. இரண்டு பத்தியில் எழுதுங்கள்

தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதுக்குக் கேட்பதையும் எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 சொற்களுக்கு மேல் நான் எழுதுவதில்லை. இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ 40 விநாடி பேச்சில்லாமல் விட்டால், மொத்தம் நூறு சொற்கள்தான் கிடைக்கும். எங்கள் தொடக்கம் இது:

காட்சி: மேசை விளக்கு மட்டும் எரிகிறது. சுவர்க் கடிகாரத்தில் 2.40.
ஒலி: எங்கோ ஓர் இருமல். நான்கு விநாடி பேச்சில்லை.

காட்சி: தாதி கைகளில் சுத்திகரிப்புத் திரவம் தேய்க்கிறார். மணிக்கூட்டைப் பார்த்துச் சேலைன் துளிகளை எண்ணுகிறார்.
ஒலி, தாதியின் குரல்: "இரண்டு மணிக்குப் பிறகுதான் உடம்பு சொல்வதைக் கேட்காது. தேநீர் குடிக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். சில இரவுகளில் அதுவும் இல்லை."

காட்சி: எழுத்துகள் மட்டும். "இரவுக் கடமை: மாதம் 6 முதல் 8. நேரம்: 7 முதல் 7."
ஒலி: விடுதிக் கதவு திறக்கும் சத்தம்.

5. ஆதரவு என்று எழுதினால், யார், எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள்

"ஊழியர் நலனில் அக்கறை கொள்கிறோம்" என்று நிர்வாகம் தந்திருந்தது. யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் வைத்தேன். மிஞ்சியவை மூன்றுதான். புதியவர் முதல் நான்கு வாரம் தனியாக இரவுக் கடமை செய்யமாட்டார். மாலைக் கடமை முடிந்ததும் நெல்லியடி வரை வாகனம் உண்டு. இரவுகளை மாற்றிக்கொள்ளப் பொறுப்புத் தாதியின் கையெழுத்து ஒன்று போதும்.

இல்லாதவற்றையும் அதே குரலில் சொன்னோம். காரைநகர்ப் பக்கம் வாகனம் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இல்லை. நெடுந்தீவிலிருந்து வருபவர் படகை நம்பி நாளாந்தம் வந்துபோக முடியாது, யாழ் நகரில் அறை எடுக்க வேண்டும். வாடகையில் வைத்தியசாலை பங்கு தருவதில்லை. நிர்வாக அலுவலர் இந்தப் பகுதியை எடுக்கச் சொன்னார். முதல் காணொளிக்கு வந்த தொலைபேசிக் கேள்விகளைக் குறித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். வாடகை வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டார். அந்த ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

6. கடைசிச் சரிபார்ப்பு

எண் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதை எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: கடமைப் பட்டியலா, வேலை ஒப்பந்தமா, வாய்ச் சொல்லா? வாய்ச் சொல் மட்டும் என்றால் எழுத்தில் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வெட்டுங்கள். எண்களை எவருடைய வாயிலும் வைக்காமல் எழுத்துத் திரையில் மட்டும் வையுங்கள். இரவுகள் பத்தாக உயர்ந்தாலோ வாகனம் நின்றுபோனாலோ அந்தத் திரையை மட்டும் மாற்றினால் போதும். பேசிய தாதி அதற்குள் வெளிநாடு போயிருந்தாலும் மீண்டும் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.