காலைப் படமும் பின்னேரப் படமும்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் நாட்காட்டிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மருமகன் மார்ச் நடுவில் ஒரே நாளில் இரண்டு எடுத்து வந்தான். ஒன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் சூரிய உதயம், முன்னால் கரையில் ஏற்றிய ஒரு வள்ளம். மற்றது நந்திக்கடல் களப்பில் சூரியன் மறைந்த பிறகு, முன்னால் வீச்சுவலையோடு ஒருவர். இரவு எட்டு மணிக்கு போனில் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தோம். "மாமா, பின்னேரப் படம்தான் வடிவு" என்றான். நானும் ஓம் என்றேன். அந்தத் தீர்ப்பில் குறைந்தது நான்கு பிழைகள் இருந்தன என்பது அடுத்த நாள் பகலில், கணினித் திரையில்தான் தெரிந்தது.

முதல் பிழை சின்னது, ஆனால் எல்லாரும் விடுவது. பல போன்களில் இரவானதும் கண்ணுக்கு இதமாகத் திரையைத் தானாக மஞ்சளாக்கும் வசதி இருக்கிறது. Night Light என்றோ Eye Comfort என்றோ பெயர் போட்டிருக்கும். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்த வானமும் செம்மஞ்சளாகத்தான் தெரியும். அதை நிறுத்தி, திரை வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு காலைப் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னேரப் படம் அவன் போனிலேயே இருந்த மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு வரும். வானத்தில் நிறம் மெதுவாக மாறும் இடங்களில் அது படிக்கட்டுப் போலப் பட்டை பட்டையாக உடையும். நான் அந்தப் பட்டையைக் காலை வானத்தின் குறை என்று நினைத்துவிட்டேன். ஆவணமாக, அதாவது Document ஆக அனுப்பச் சொல்லித் திரும்ப வாங்கினேன். முழு அளவில் விரித்துப் பார்த்தால் பட்டையைக் காணோம். மூலக் கோப்பிலும் பட்டை இருந்தால்தான் அது எடுத்தவரின் அல்லது கமராவின் குறை.

அடுத்தது நேரம். காலைப் படம் 6:20க்கு எடுத்தது, பின்னேரப் படம் 6:28க்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தானே என்று தோன்றும். மார்ச் நடுவில் முல்லைத்தீவில் சூரியன் 6:13 அளவில் உதித்து 6:18 அளவில் மறைகிறது. அப்படியானால் காலைப் படம் உதித்து ஏழு நிமிடம் கழித்தும், பின்னேரப் படம் மறைந்து பத்து நிமிடம் கழித்தும் எடுக்கப்பட்டவை. ஒன்றில் சூரியன் வானத்தில் நிற்கிறது, மற்றதில் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. நம் பகுதி பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சாயாமல் கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்கும். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை, அதாவது சூரியனின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. குளிர்நாடுகளில் மணிக்கணக்காக நீளும் அந்தி நிறம் இங்கே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே ஐந்து நிமிட வித்தியாசமே வேறு வானம்.

கடிகாரத்தைப் பார்த்து ஒப்பிடக்கூடாது, சூரியன் இருக்கும் உயரத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். காலையும் மாலையும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பின்னேரம் மறைந்து பத்து நிமிடத்தில் வரும் நிறத்துக்குச் சோடி, காலையில் உதிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வரும் நிறம். எனவே 6:28 படத்துக்குச் சரியான போட்டி காலை 6:03 படம். மருமகனின் போனில் 6:04க்கு எடுத்த ஒன்று இருந்தது. "சூரியன் இல்லையே" என்று ஒதுக்கி வைத்திருந்தான்!

இனி நிறப்படிமானம். எந்தப் படத்தில் சிவப்பு கூட என்று பார்ப்பது வேறு, நிறம் எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்று பார்ப்பது வேறு. அடிவானத்தில் தொடங்கி உச்சி நோக்கி ஒரு ஒடுங்கிய கீற்றைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். செம்மஞ்சள், மஞ்சள், வெளிறிய இடம், நீலம் என்று ஒன்று மற்றதில் கரைய வேண்டும். எங்காவது வெட்டினதுபோல ஒரு விளிம்பு நின்றால் அங்கே தகவல் போய்விட்டது. 6:20 படத்தில் சூரியனைச் சுற்றி அப்படி ஒரு மஞ்சள் வட்டம் நின்றது. காரணம் இதுதான்: உதய நேரத்தில் கமராவின் சிவப்பு அளவு மற்ற நிறங்களுக்கு முன்பே உச்சமான 255ஐத் தொட்டுவிடும். பச்சை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். சிவப்பு நின்று பச்சை கூடினால் செம்மஞ்சள் மஞ்சளாக மாறும், பிறகு நீலமும் ஏறினால் வெள்ளையாகும். ஆக அந்த மஞ்சள் வட்டம் வானத்தில் இருந்ததல்ல, கமராவில் பிறந்தது. பிறகு எவ்வளவு திருத்தினாலும் அந்த இடத்து நிறம் திரும்பாது. எடுக்கும்போதே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பது ஒன்றே வழி.

வெண்சமநிலையும், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கமரா செய்யும் நிறத்திருத்தமும் இப்படித்தான். தானாக இயங்க விட்டால் போன் ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டப்படி ஒன்றை முடிவு செய்யும். காலையில் செம்மஞ்சளைக் 'கோளாறு' என்று எண்ணி வெளுக்க வைக்கும், பின்னேரம் அப்படியே விட்டுவிடும். போனில் நிபுணர் முறை இருந்தால் இரண்டுக்கும் 5500K அளவில், அல்லது Daylight என்பதில் பூட்டி வையுங்கள். அதன்பின் தெரியும் வித்தியாசம் வானத்தின் வித்தியாசமாக இருக்கும். முல்லைத்தீவில் காலை வெளிச்சம் ஈரமான கடற்காற்றைக் கடந்து வருகிறது. பின்னேர வெளிச்சம் நிலத்துத் தூசியையும், அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் எரித்தால் அந்தப் புகையையும் கடந்து வருகிறது. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அடிவான மட்டத்தில்தான் அதிகம் ஏமாறுவது. காலைப் படம் 4000 படப்புள்ளி அகலம். இடது ஓரத்தில் கடல்விளிம்பு மேலிருந்து 1402ஆவது புள்ளியில், வலது ஓரத்தில் 1472இல். வித்தியாசம் 70. அதை அகலத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் பாகை வரும்.

```
70 ÷ 4000 × 57.3 ≈ 1.0
```

ஒரு பாகைச் சரிவு. திரையில் கண் பொறுத்துக்கொள்ளும். சுவரில் தொங்கும்போது கடல் வலப்பக்கம் வழிந்து ஓடுவதுபோல இருக்கும். இதற்கிடையில் கண்ணுக்கு வராத இன்னொன்று: ஓரம் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்து நடு மட்டும் மேலேயோ கீழேயோ வளைந்தால் அது சரிவல்ல, அகலக்கோண வில்லையின் வளைவு. படத்தைத் திருப்பினால் அது போகாது. 0.5 வில்லையில் எடுத்த படங்களில் இது அடிக்கடி வரும்.

கடலுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். களப்புக்கும் குளத்துக்கும் அப்படியே போடக்கூடாது. முல்லைத்தீவுப் பக்கம் கிழக்கே திறந்த கடல், மேற்கே நந்திக்கடலுக்கு அப்பால் கரையும் மரங்களும். அக்கரை ஒரு பக்கம் கிட்டவும் மறுபக்கம் தூரவும் இருந்தால் மரங்களின் உச்சிக்கோடு சரிந்துதான் தெரியும். பத்து மீற்றர் மரம் 500 மீற்றரில் 60 புள்ளி உயரம் காட்டினால், மூன்று கிலோமீற்றரில் பத்துப் புள்ளிதான். அந்தச் சரிவைக் கண்டு படத்தைத் 'திருத்தினால்' சரியான படத்தையே சாய்த்துவிடுகிறோம். மருமகன் நந்திக்கடல் படத்தில் செய்தது இதுதான்.

அங்கே மர உச்சியை விட்டுவிட்டு நீர் விளிம்பைப் பாருங்கள். தண்ணீரோடு தாழ்வாக நின்று எடுத்திருந்தால் நீர் விளிம்பு ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். ஆனால் இரணைமடுக் குளக்கட்டுப் போன்ற உயரத்தில் நின்றால் அதையும் நம்பக்கூடாது. கிட்ட உள்ள கரையின் நீர் விளிம்பு படத்தில் தெளிவாகக் கீழே இறங்கும். அப்போது நான் பார்ப்பது பிரதிபலிப்பை. அலையில்லாத நீரில் நட்ட கம்பு ஒன்றின் நுனியையும் நீரில் தெரியும் அதன் பிரதிபலிப்பின் நுனியையும் இணைத்தால் அந்தக் கோடு செங்குத்தாக இருக்க வேண்டும். கம்பு சாய்ந்து நின்றாலும் பரவாயில்லை, நுனிகள் இரண்டும் நேராகவே வரும். படத்தின் நடுப்பகுதியில் உள்ள கம்பாகத் தேர்ந்தெடுங்கள், ஓரங்களில் வில்லை கோட்டைக் கொஞ்சம் சாய்க்கும்.

முன்பொருளுக்கு வருவோம். நந்திக்கடல் படத்தில் வலைக்காரர் தெரிந்தார், ஆனால் தலையைக் காணோம். அக்கரை மரக்கோட்டின் கருமையும் அவருடைய தலையின் கருமையும் ஒன்றாகிவிட்டன. படத்தைப் பெருவிரல் நகமளவு சிறிதாக்கிப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. அந்த அளவில் மனிதர் என்று அடையாளம் தெரியவில்லை, மரக்கோட்டிலிருந்து தொங்கும் ஒரு கட்டைபோல இருந்தார்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது: கமரா தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, தண்ணீரில் நிற்கும் எல்லாப் பொருளையும் அடிவானம் அந்த உயரத்தில்தான் வெட்டும். அவர் 165 சென்ரிமீற்றர் உயரம், முழங்காலளவுத் தண்ணீரில் 50 போய்விட்டது, மேலே தெரிவது 115. நின்றபடி போனை 150இல் பிடித்தால் அவர் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே. 115 அளவில் பிடித்தால் தலை மரக்கோட்டில் மோதும். மருமகன் பாதி குனிந்து எடுத்தது அந்த இடத்தில்தான். குந்தியிருந்து 60இல் பிடித்திருந்தால் தலையும் தோளும் நெஞ்சுமாக 55 சென்ரிமீற்றர் அடிவானத்துக்கு மேலே நின்றிருக்கும். வலையை வீசி விரிக்கும் கணம் என்றால் இன்னும் நல்லது.

சரி, பிறகு எந்தப் படம் போனது என்று கேட்பீர்கள். 6:04 காலைப் படத்தை எடுத்தோம், நிறம் அடியிலிருந்து உச்சிவரை ஒரு இடத்திலும் வெட்டவில்லை. அதுவும் ஒரு பாகை சரிந்திருந்தது. திருப்பி ஓரங்களை வெட்டினால் அகலத்தில் 90 புள்ளி வரை போகும், பக்கத்துக்கு 45 வீதம். வள்ளத்தின் முன்முனையான அணியம் இடது ஓரத்திலிருந்து 30 புள்ளியில் இருந்தது. மட்டம் பார்த்தால் அணியம் போகும், அணியத்தைப் பார்த்தால் கடல் சரியும். மருமகன் அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் திரும்பவும் கடற்கரைக்குப் போனான். இந்த முறை போனில் Grid கோட்டைப் போட்டு, வள்ளத்திலிருந்து நாலு அடி பின்னால் தள்ளி நின்றான்.