ஐஸ்கிரீமும் நீரில் மூழ்கியவர்களும்: இந்தப் பாடத்தை நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டனில் ஓர் இதழியல் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். படிப்பித்தவர் இளைஞர், இந்த வேலைக்குப் புதியவர். பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று ஐஸ்கிரீம் விற்பனை, மற்றது நீரில் மூழ்கி இறந்தவர்களின் எண்ணிக்கை. இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. "அப்படியென்றால் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போனால் மூழ்கிவிடுவோமா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. "வெயில்! வெயில்தான் இரண்டையும் கூட்டுகிறது. சரி, அடுத்த பாடத்துக்குப் போவோம்." மொத்தம் ஏழு நிமிடம்.

பல வருடங்களாக நானும் இதே பாடத்தை இதே சிரிப்போடு முடித்தவன். தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். படிப்பிக்கும் நாம் செய்கிற தவறுகள்தான் என் கணக்கில் வருகின்றன.

"வெயில்" என்ற விடையைக் கையில் கொடுப்பது

இந்த உதாரணம் கோடைகாலம் என்று தனியாக ஒன்று உள்ள நாடுகளில் பிறந்தது. அங்கே வெயில் வந்தால் கடற்கரையும் நிரம்பும், ஐஸ்கிரீம் வண்டியும் காலியாகும். இங்கே நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். நான் "வெயில்" என்று சொல்லி முடித்த ஒரு நாள், ஒரு மாணவர் சுவெட்டரின் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டே கேட்டார்: "சேர், இங்க யாரு வெயிலுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடுறா?"

பதில் இல்லாததால் அவரையே கிரகரி வாவிப் பக்கம் ஒரு கடைக்காரரிடம் அனுப்பினேன். கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "வெயிலப் பாத்து இல்ல தம்பி, வேன் எத்தன வருதுன்னு பாத்துத்தான் சரக்கு எடுக்கிறது." ஏப்ரல் சீசனில், புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பின் புழுக்கத்தை விட்டு மேலே வருகிறவர்கள், தூறல் விழுந்தாலும் பிள்ளைக்கு ஒரு கோன் வாங்கிக் கொடுப்பார்கள். அதே கூட்டம்தான் முன்பின் தெரியாத நீர்வீழ்ச்சியிலும் ஆற்று மடுவிலும் குளிக்க இறங்குகிறது. ஆக, நமக்கு இங்கே இரண்டையும் பின்னாலிருந்து கூட்டுகிற மூன்றாவது ஆள் வெயில் இல்லை, விடுமுறைக் கூட்டம்.

இன்னொன்றும் உண்டு. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓடைகள் பெருகும். கடக்கப் போகிறவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போவது அந்தக் காலத்துச் சங்கதி. அப்போது ஐஸ்கிரீம் பெட்டியில் கடைக்காரர் கைவைப்பதே அபூர்வம். இந்த இரண்டு வகை மரணங்களையும் "நீரில் மூழ்கி" என்ற ஒரே பத்தியில் கூட்டினால் படமே கலங்கிவிடும். இறந்தவர் வெளியூரா உள்ளூரா, குளிக்கப் போனாரா கடக்கப் போனாரா என்று பிரிக்காமல் கோடு போடக்கூடாது.

இப்போது நான் விடை சொல்வதில்லை. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கொடுக்கிறேன். ஐஸ்கிரீம் விற்பனையை எவையெல்லாம் கூட்டும்? மூழ்கும் மரணங்களை எவையெல்லாம் கூட்டும்? இரண்டு தாள்களிலும் திரும்பத் திரும்ப வருவதுதான் சந்தேக நபர். சந்தேக நபர் என்றுதான் சொல்கிறேன், குற்றவாளி என்று இல்லை.

சிரிப்போடு பாடத்தை முடிப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னமும் எரிச்சல். எரிச்சல் என்மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மாணவி, நான்காக மடித்த ஒரு கொப்பித்தாளோடு வந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றோட்டத்துக்கு மருந்து எடுத்த பிள்ளைகளை லயம் லயமாக எண்ணியிருந்தார். பெரும்பாலும் இரண்டு லயங்களைச் சேர்ந்தவர்கள். அந்த இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, மற்ற லயங்களுக்கு வேறு குழாய். "சேர், தண்ணிதான் காரணம்னு எழுதலாமா?"

"இது நம்ம ஐஸ்கிரீம் கதை மாதிரி இருக்கு பிள்ளை" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தாளை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

சில மாதங்கள் கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தபோது, மலசலகூடக் குழியின் கசிவு அந்தத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. செய்தி வேறு யாரோ எழுதி வந்தது. அந்த மாணவி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் படிப்பித்திருந்தது ஒரு முறையை அல்ல, ஒரு வாய்ப்பூட்டை. இதே பூட்டைப் பெரிய ஆட்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1950-இல் ரிச்சர்ட் டோல், பிராட்ஃபர்ட் ஹில் இருவரும் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நவீன புள்ளியியலின் தூண்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் அதை எதிர்த்தார். புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோய் தருவதும் ஒரே பரம்பரைக் கூறாக இருக்கலாமே என்பது அவர் வாதம். அதாவது, அவரும் ஒரு "வெயிலை" நீட்டினார். அவர் புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஆனால் கூடுதலாகப் புகைத்தவர்களுக்கு ஆபத்தும் கூடுதலாக இருந்தது, விட்டவர்களுக்குக் குறைந்தது. பரம்பரைக் கூறு, சிகரெட்டை விட்ட அன்று மாறிவிடுவதில்லையே. மூன்றாவது ஆள் இருக்கலாம் என்று சொல்வதும் ஒரு கூற்றுத்தான். அதையும் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? இதற்கு வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். எட்டு மாதங்களுக்கு நானே உருவாக்கிய பயிற்சி எண்களைக் கொடுக்கிறேன். சாதாரண மாதங்கள் நான்கில் ஐஸ்கிரீம் விற்பனை 20, 22, 25, 27 பெட்டி, மரணங்கள் 1, 2, 2, 1. விடுமுறை மாதங்கள் நான்கில் விற்பனை 60, 66, 70, 76 பெட்டி, மரணங்கள் 5, 4, 4, 5. விரிதாளில் இரண்டாம் வரிசையிலிருந்து விற்பனையை B பத்தியிலும் மரணங்களை C பத்தியிலும் இட்டு, முதலில் எட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்:

```
=CORREL(B2:B9,C2:C9)
```

0.93 வரும். 1 வந்தால் இரண்டும் நூல் பிடித்தது போல ஒரே நேர்கோட்டில் போகின்றன என்று அர்த்தம், 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பே இல்லை. ஆகவே 0.93-ஐப் பார்த்ததும் வகுப்பு நிமிரும். இப்போது சாதாரண மாதங்களை மட்டும் தனியே போடச் சொல்வேன்:

```
=CORREL(B2:B5,C2:C5)
```

0. விடுமுறை மாதங்களை மட்டும், B6 முதல் B9 வரை, போட்டாலும் 0. விடுமுறையை விடுமுறையோடும் சாதாரண மாதத்தைச் சாதாரண மாதத்தோடும் ஒப்பிட்டவுடன் ஐஸ்கிரீமுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. 0.93 முழுவதும் இரண்டு கூட்டங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் இருந்துதான் வந்தது.

உடனே ஒரு பிரேக் போட வேண்டும். இந்த எண்களை 0 வரும்படி நான்தான் செய்து வைத்தேன். நிஜத்தில் நான்கு மாதத்தை வைத்து 0 வந்தாலும் 0.5 வந்தாலும் அதில் பெரிய பொருள் இல்லை. அதோடு, நீளமான கோட்டை வெட்டிச் சின்னத் துண்டாக்கினால் உண்மையான தொடர்புகூட மெலிந்துதான் தெரியும். ஆகவே பிரித்ததும் மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான்.

இதே வேலையைத்தான் அந்தக் கொப்பித்தாளுக்கும் செய்திருக்க வேண்டும். கணினிகூடத் தேவையில்லை. அதே இரண்டு லயங்களில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வீடுகளின் பிள்ளைகள் எப்படி? மற்ற லயங்களில் யாராவது அந்தத் தொட்டியிலிருந்து எடுக்கிறார்களா, அவர்கள் பிள்ளைகள் எப்படி? இந்த இரண்டு லயங்களில் சின்னப் பிள்ளைகளே அதிகமா? வயிற்றோட்டம் தொடங்கியதற்கு முன் தொட்டிப் பக்கம் ஏதாவது தோண்டினார்களா? நான்கு கேள்விகள், ஒரு பின்னேரம் நடந்தால் போதும். நான் ஒரு சிரிப்பைக் கொடுத்து அனுப்பினேன்.

விரல்விட்டு எண்ணும் எண்களில் கோடு போடுவது

ஒரு பிரதேசத்தில் மாதத்துக்கு மூழ்கும் மரணங்கள் 0, 1, 2 என்றுதான் இருக்கும். ஒரே படகு கவிழ்ந்து நாலு பேர் போய்விட்டால் அந்த மாதம் மலை போல எழும். அந்த மாதத்தில் ஐஸ்கிரீமும் விற்றிருந்தால் தொடர்பு தயார். இது எத்தனை சம்பவம், எத்தனை பேர் என்று இரண்டையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சம்பவங்களை எண்ணினால் அந்த மலை பெரும்பாலும் மேடாகிவிடும்.

பயிற்சி எண்களைப் பெயரில்லாமல் பலகையில் விடுவது

"பயிற்சிக்காக உருவாக்கியது" என்று மேலே எழுதுங்கள், இல்லாவிட்டால் நிஜ எண்கள் என்று நினைத்துப் போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"ஆல்" என்ற உருபைக் கவனிக்காதது

ஆங்கிலத்திலிருந்து வந்த பாடக்குறிப்புகளில் இது இருக்காது. தமிழில் காரணம் ஒரு தனிச்சொல்லாக வர வேண்டியதில்லை, வாலாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "விடுமுறையில் மூவர் பலி" என்பது காலத்தைச் சொல்கிறது. "விடுமுறையால் மூவர் பலி" என்றால் கொன்றது விடுமுறை. "விற்பனை கூடியபோது மரணங்களும் கூடின" என்று மாணவர் சரியாக எழுதிக் கொடுப்பார். இடம் மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் பக்க ஆசிரியர் அதைக் "கூடியதால்" ஆக்குவார். இரண்டெழுத்தை மாற்றித் தொடர்பைக் காரணமாக்கிவிட்டார், யாருக்கும் தெரியாது.

அதனால் கட்டுரை திருத்தும்போது என் மாணவர்கள் ஒவ்வொரு "ஆல்", "தால்", "காரணமாக", "விளைவாக" என்பதையும் வட்டமிடுவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரத்தில் இது எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் "போது" அல்லது "இல்".

ஹட்டனில் அன்று வகுப்பு முடிந்ததும் அந்த இளைஞர் என்னிடம் வந்து, "எப்படி சேர் இருந்துச்சு?" என்று கேட்டார். பலகை இன்னும் அழிபடவில்லை. இரண்டு கோடுகளுக்கும் கீழே "வெயிலால்" என்று பெரிதாக எழுதியிருந்தது. சோக் கட்டியை எடுத்துக் கடைசி இரண்டெழுத்தை வட்டமிட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.