மூண்டு கோடு மாறினா எந்த ஹெக்ஸகிராமை நம்புறது? உறவைப் பற்றிக் கேக்கேக்க விடுற பிழையள்

போன மாசம் ஒரு ஞாயிறு பின்னேரம் கோண்டாவில்ல எங்கட வீட்டு விறாந்தையில நானும் சித்தியின்ர மகளும் மூண்டு அஞ்சு ரூபாக் குத்தியை வைச்சுக்கொண்டு இருந்தம். அவளுக்கு 27 வயசு, பெடியன் ஸ்காபரோவில, ரெண்டு வருசமாக் கதைக்கினம், ஆனா கடைசி மூண்டு மாசமா கோல் குறைஞ்சு குறைஞ்சு வாட்ஸ்அப்பில "ம்" எண்டு மட்டும் பதில் வாற அளவுக்கு வந்திட்டுது. "அக்கா, அவர் என்னைக் கட்டுவாரோ எண்டு ஐ சிங்கில கேட்டுப் பாருங்கோவன்" எண்டாள். ஐ சிங் எண்டது குத்தி போட்டுக் குறி பாக்கிற பழைய சீன நூல். அந்தக் கேள்வியை நான் எடுக்கேல்ல. அங்க இருக்கிற ஒராளின்ர மனசுக்குள்ள என்ன கிடக்கு எண்டு குத்தி சொல்லாது, கேக்கிற ஆள் நிக்கிற இடத்தைத்தான் அது காட்டும். அதால "இப்ப நான் அவரை நேரா மறிச்சு முடிவு கேட்டா எப்பிடிப் போகும்" எண்டு கேள்வியை மாத்தினம்.

குத்தி போட முதலே எந்தப் பக்கத்துக்கு எத்தினை எண்டு முடிவெடுக்க வேணும், நாங்கள் அரச இலச்சினைப் பக்கத்துக்கு 3, எண் பக்கத்துக்கு 2 எண்டு வைச்சம். மூண்டு குத்தியையும் சேத்துப் போட்டு வாற எண்ணைக் கூட்டினா ஒரு கோடு, ஆறு கோடு சேந்தா ஒரு ஹெக்ஸகிராம், நூல்ல ஒவ்வொரு ஹெக்ஸகிராமுக்கும் ஒரு எண்ணும் வாசகமும் இருக்கு. ஆறு தரம் போட கீழயிருந்து மேல 6, 8, 9, 9, 7, 8 எண்டு வந்துது. யின் எண்டா நடுவில உடைஞ்ச கோடு, யாங் எண்டா முழுக்கோடு. 6 யாங்கா மாறுற யின், 9 யின்னா மாறுற யாங், 7 யாங்காவும் 8 யின்னாவும் அப்பிடியே நிக்கும். அப்ப ஒண்டாம், மூண்டாம், நாலாம் கோடு மாறுது. முதல் ஹெக்ஸகிராம் 31, கீழ் மூண்டு கோடு மலை மேல் மூண்டு கோடு ஏரி, ஒருத்தரை ஒருத்தர் தொடுற ஈர்ப்பு. மூண்டையும் மாத்திப் போட்டா வாறது 3ஆம் ஹெக்ஸகிராம், கீழ இடி மேல தண்ணி, நிலத்தைப் பிளந்து வாற முளையின்ர கஷ்டம்.

இஞ்சயே ஒரு பிழை நடக்கும். அவள் கொப்பியில மேலயிருந்து கீழ எழுதத் தொடங்கினவள், நான்தான் நிப்பாட்டினன். அப்பிடியே விட்டிருந்தா 31 தலைகீழாகி 32 ஆகியிருக்கும், 32 எண்டா நிலைச்சு நிக்கிறது! உறவைப் பற்றிக் கேட்ட ஒருத்திக்கு அந்தத் தலைப்பைப் பாத்தா எவ்வளவு சந்தோசம் வந்திருக்கும், எல்லாம் பிழையா எழுதினதால. முதல் போட்டது எப்பவும் அடிக்கோடு.

ரெண்டு ஹெக்ஸகிராமையும் பக்கத்தில பக்கத்தில கீறி முடிச்ச உடன அவள் செய்ததைத்தான் கனபேர் செய்யினம். 31ஐப் பாக்கவே இல்லை, நேரா 3க்குப் போயிட்டாள், ஏனெண்டா அதுதான் "முடிவு" எண்டு அவளுக்கு நினைப்பு. போய் அதின்ர ஆறு கோட்டையும் ஃபோனில ஒவ்வொண்டா வாசிச்சா, ரெண்டாவது கோட்டில வருது: குதிரையும் வண்டிலும் தடுமாறுது, வாறவன் கள்ளன் இல்லை பெண் கேட்டு வாறவன், அவள் சம்மதிக்கேல்ல, பத்து வருசம் கழிச்சுத்தான் சம்மதிக்கிறாள் எண்டு. பத்து வருசம் எண்டதைக் கண்டதும் முகம் வெளிறிப் போச்சு. "எனக்கு அப்ப 37 அக்கா."

இதில ரெண்டு பிழை சேந்து கிடக்கு. ஒண்டு, ரெண்டாவது ஹெக்ஸகிராமின்ர தனிக் கோடுகளை வாசிச்சது. அந்தக் கோடுகள் அவளுக்கு விழவே இல்லை, அவளுக்கு விழுந்து மாறினது 31இன்ர 1, 3, 4 மட்டும்தான். 12ஆம் நூற்றாண்டில சூ சீ எண்ட சீன அறிஞர் இதுக்கு ஒழுங்கு வகுத்து வைச்சிருக்கிறார்: மூண்டு கோடு மாறினா ரெண்டு ஹெக்ஸகிராமின்ரயும் பொதுத் தீர்ப்பு வாசகத்தைப் பார், அதில முதலாவதுதான் அடி, ரெண்டாவது அதுக்கு மேல வாறது எண்டு. நாலோ அஞ்சோ மாறினாத்தான் ரெண்டாவதில மாறாமக் கிடக்கிற கோடுகளுக்குப் போகச் சொல்லுறார். இவளுக்கு மாறினது மூண்டு, அதால அந்தப் பத்து வருசம் இவளின்ர கதையிலயே இல்லை. (குத்தி முறையில மூண்டோ அதுக்கு மேலயோ மாறுறது கிட்டத்தட்ட ஆறு தரத்தில ஒருக்கா வரும், அதால இந்தக் குழப்பம் எல்லாருக்கும் எப்பவாவது வாறதுதான்.) நான் சூ சீயின்ர ஒழுங்கை முழுக்கப் பின்பற்றுறேல்ல, மாறின மூண்டு கோட்டையும் வாசிப்பன், ஆனா எது பாரம் எது பாரம் இல்லை எண்டதை அந்த ரெண்டு தீர்ப்பும்தான் முடிவெடுக்கும்.

மற்றப் பிழை, கோடுகளை எண்ணுறது. எங்களுக்குச் சாதகப் பொருத்தம் பாத்துப் பழகின கை, பத்தில ஏழு இருக்கு காணும் எண்டு சொல்லுற மாதிரி இதிலயும் நல்ல கோடு எத்தினை கூடாத கோடு எத்தினை எண்டு கூட்டிக் கழிக்கப் பாக்கினம். 31இல அப்பிடிக் கூட்டினா ஒண்டும் மிஞ்சாது. ஒண்டாம் கோடு கால் பெருவிரல்ல ஈர்ப்பு எண்டு மட்டும் சொல்லுது, நல்லது கெட்டது எதுவும் இல்லை. மூண்டாம் கோடு தொடையில ஈர்ப்பு, பின்னால போறதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அப்பிடியே போனா அவமானம் எண்டு சொல்லுது. நாலாம் கோடு உறுதியா நிண்டா நல்லது, மனவருத்தம் போயிடும், ஆனா மனசு அங்கயும் இஞ்சயும் அலைஞ்சா நீ நினைக்கிற ஆக்கள் மட்டும்தான் உனக்குப் பின்னால வருவினம் எண்டு சொல்லுது. ஒண்டு பேசேல்ல, ஒண்டு வேண்டாம் எண்டுது, ஒண்டு சரி எண்டுது. இதைக் கூட்டினா என்ன வரும்?

ஆனா கீழயிருந்து மேல ஒரு கதையா வாசிச்சுப் பாருங்கோ. 31 முழுக்க ஒரு உடம்பு, பெருவிரல், கெண்டைக்கால், தொடை, பிறகு முதுகு, தாடை எண்டு ஏறிக்கொண்டு போகுது. நாலாம் கோட்டில உறுப்பின்ர பேர் இல்லை, இருக்கிற இடத்தை வைச்சு அதை நெஞ்சு எண்டு எடுக்கிறது வழக்கம். பெருவிரல் துடிக்குது, ஆனா அடி எடுத்து வைக்கேல்ல. அதுதான் இவள் மூண்டு மாசமா மெசேஜை ரைப் பண்ணிப்போட்டு அழிக்கிறது. தொடை தானா அசையாது, உடம்பு போற பக்கம் போகும். அவர் ஒன்லைன் வந்தா இவளும் வாறது, அவர் "ம்" எண்டா இவளும் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமக் கிடக்கிறது, அதை அவளே சொன்னாள் நான் கேக்கேல்ல. நாலாவதில மட்டும்தான் நெஞ்சுக்கு வருது. அப்ப இது மூண்டு தீர்ப்பில்லை, ஒரே துடிப்பு எந்த இடத்திலயிருந்து வந்தா என்ன ஆகும் எண்டு காட்டுறது. தொடையில இருந்து முடிவு கேட்டா அவமானம், நெஞ்சில இருந்து கேட்டா வருத்தம் போகும்.

இதோட ஒட்டின ஒரு பழக்கத்தையும் சொல்லவேணும். மூண்டாவது கோடு அவர், நாலாவது நான் எண்டு பங்கு பிரிக்கிறது. கூடாத கோடு எப்பவும் மற்ற ஆளுக்குத்தான் போகும், கவனிச்சுப் பாருங்கோ! ஐ சிங்குக்குள்ள கோடுகளுக்கு ஒரு சோடி ஒழுங்கு இருக்கு, 1 - 4, 2 - 5, 3 - 6 எண்டு, 31இல இந்த மூண்டு சோடியும் யின் - யாங்காப் பொருந்தி நிக்கும். இவளுக்கு 1உம் 4உம் சேந்து மாறுது, அடியில தொடங்கின விருப்பமும் நெஞ்சும் ஒரே கயிறு. 3 தன்ர சோடி இல்லாமத் தனிய மாறுது. எது இழுபட்டு நிக்குது எண்டு இதிலயே தெரியுதே, ஆருக்கும் பங்கு பிரிக்கத் தேவையில்லை.

இப்பதான் ரெண்டாவது ஹெக்ஸகிராம். 31இன்ர தீர்ப்பு, கைகூடும், உறுதியா இருக்கிறது நல்லது, பெண் எடுத்தா நல்லது எண்டு. 3இன்ர தீர்ப்பும் பெரிசாக் கைகூடும் எண்டுதான் தொடங்குது, ஆனா எங்கயும் வெளிக்கிட்டுப் போகாத, உதவிக்கு ஆக்களை நியமி எண்டு முடியுது. 3ஐ "இதுதான் நடக்கப் போகுது" எண்டு வாசிக்கிறதாலதான் ஆக்கள் பயப்பிடுகினம். அது அந்த மூண்டு கோடும் அசைஞ்சா நீங்கள் போய் நிக்கப் போற நிலம், முதலாவதை அழிக்கிறதுக்கு அது வரேல்ல. கீழயும் மேலயும் என்ன மாறுது எண்டு பாத்தா இன்னும் வடிவா விளங்கும்: அசையாத மலை இடியாகுது, சந்தோசமான ஏரி கிடங்குத் தண்ணியாகுது. பொறுமையா இருந்த அடி அவசரப்படத் தொடங்கினா முன்னால இருந்த சந்தோசம் ஆபத்தா மாறும். ரெண்டாவது சேத்தது இதைத்தான், 31 மட்டும் தனிய வந்திருந்தா நான் "போய்க் கதை" எண்டு சொல்லியிருப்பன்.

இப்பிடி மாற்றத்தைப் பாக்கிறது பழைய முறைதான். சோ சுவான் எண்ட பழைய சீன வரலாற்று நூல்ல சீ நாட்டு அமைச்சர் சுய் சூ ஒரு கைம்பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டுக் கேக்க 47 விழுது, மூண்டாம் கோடு மட்டும் மாறி 28 ஆகுது. குறி பாக்கிறவை எல்லாரும் அவருக்குப் பிடிச்ச மாதிரி நல்லது எண்டிட்டினம். சென் வென்சி எண்டவர் மட்டும், கீழ தண்ணி காத்தா மாறுது, காத்து மனைவியை விழுத்தும், கட்டாத எண்டார். கோட்டு வாசகத்தையும் காட்டினார்: வீட்டுக்குள்ள போறான், மனைவியைக் காணேல்ல. சுய் சூ அதை அவளின்ர செத்த புருசனின்ர தலையில போட்டார், அந்தக் கேடு அவனோட போச்சு எண்டு. கட்டினார். பிறகு அரசருக்கும் அவளுக்கும் தொடர்பு வர, கி.மு. 548இல சுய் சூ அரசரைக் கொலை செய்விச்சார், ரெண்டு வருசத்தில அவற்ற குடும்பமே அழிஞ்சு அவளும் தூக்கில தொங்கினாள். கூடாத கோட்டை மற்ற ஆளுக்குக் குடுக்கிறதுக்கு இதைவிட ஒரு உதாரணம் எனக்குத் தெரியேல்ல.

எங்கட விறாந்தைக்கு வந்தா, "உதவிக்கு ஆக்களை நியமி" எண்டதை வாசிச்ச உடனயே அவள் சொன்னாள், அவற்ற பெரியக்கா சுன்னாகத்திலதானே இருக்கிறா எண்டு. ரெண்டு வருசத்தில அந்த அக்காவோட ஒருக்காக்கூடக் கதைக்கேல்லயாம். முடிவு கேக்கிற கோலை ஒரு மாசத்துக்குத் தள்ளிப் போட்டு, முதல்ல அந்த அக்காவைப் போய்ப் பாக்கிறது எண்டு நிண்டம்.

பிளேன்ரீ குடிச்சு முடிய அவள் திரும்பக் குத்தியை எடுத்தாள், "ஒருக்கா மட்டும் அக்கா, இதைவிட நல்லது வந்தாலும் வரும்" எண்டு. அவளுக்கு 4ஆவது ஹெக்ஸகிராமின்ர தீர்ப்பைக் காட்டினன்: முதல் தரம் கேட்டா சொல்லுவன், ரெண்டாம் மூண்டாம் தரம் கேட்டா அது தொல்லை, தொல்லைப்படுத்தினாச் சொல்ல மாட்டன். வாசிச்சுப் போட்டு மூண்டு குத்தியையும் என்ர கையில தந்திட்டாள்.