விட்டு, கொண்டு: தமிழாக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவதால், ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை இங்குள்ள பிள்ளைகளுக்கு அவ்வப்போது கிடைக்கிறது. அவர்கள் எழுதியதைத் திருத்தித் தருபவன் நான். ஒற்று மிகுவதையும் ரகர றகரத்தையும் இங்கே பேசப்போவதில்லை. அவை கண்ணில் பட்டுவிடும். ‘விடு’, ‘கொள்’, ‘இரு’ என்று முதல் வினையோடு ஒட்டிவரும் துணைவினைகளில் நேரும் பிழை அப்படிப் படாது. இலக்கணப்படி வாக்கியம் சரியாகவே நிற்கும். சொல்ல வந்தது மட்டும் மாறியிருக்கும்.

‘ஹாவ்’ வந்தால் ‘விட்டார்கள்’ போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு வீட்டு முகப்பில் வைக்கும் பலகைக்கு, ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ சேர்ந்த வினை வந்த இடமெல்லாம் ‘விட்டார்கள்’ போட்டு ஒரு தம்பி எழுதியது: “இவ்வீட்டின் தூண்களுக்குப் பர்மாத் தேக்கைப் பயன்படுத்திவிட்டார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கற்களைப் பதித்துவிட்டார்கள். சுவர்களுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசிவிட்டார்கள். குடும்பத்தார் இவ்வீட்டைப் பாதுகாத்துவிட்டார்கள்.” என்னிடம் காட்டாமலே அச்சுக்குப் போய்விட்டது. பலகையைப் படித்த அந்த வீட்டு ஆச்சி, “ஏன் தம்பி, தேக்கை எடுத்தது பெரிய குத்தங்கிற மாதிரி எழுதிப்புட்டீகளே!” என்றார். பலகையை மறுபடி எழுதவேண்டியதாயிற்று. செலவு அந்தத் தம்பி தலையில்.

ஆச்சி காதில் விழுந்தது சரிதான். ‘விடு’ வெறும் முடிவை மட்டும் சொல்வதில்லை. எதிர்பார்த்தது நடந்து தீர்ந்தது, அல்லது நடக்கக்கூடாதது நடந்துபோனது என்ற பேசுபவரின் மனநிலையும் அதில் ஒட்டியிருக்கிறது. ‘பஸ் வந்துவிட்டது’ என்றால் காத்திருந்தோம். ‘கூரை இடிந்துவிட்டது’ என்றால் வருத்தம். தேக்கு விஷயத்தில் யாரும் காத்திருக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. அதனால் ‘பயன்படுத்திவிட்டார்கள்’ என்பது புகார்போல ஒலிக்கிறது.

ஆங்கிலத்தின் அந்த ஒரே ‘ஹாவ்’ வடிவம் தமிழில் மூன்றாகப் பிரியும். செயலின் விளைவு இன்றும் கண்முன் இருந்தால் ‘இரு’: தேக்கைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், கற்களைப் பதித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை தொடர்ந்தால் ‘வா’: பாதுகாத்து வருகிறார்கள். ‘பாதுகாத்துவிட்டார்கள்’ என்றால் அந்த வேலை முடிந்தது, இனி இல்லை என்றாகிறது. மூன்றாவதுதான் ‘விடு’.

எது வேண்டும் என்று சந்தேகம் வந்தால், வாக்கியத்தின் முன்னால் ‘ஒருவழியாக’ அல்லது ‘ஐயையோ’ வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று பொருந்தினால் ‘விடு’ நிற்கும். ‘ஐயையோ, சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இன்னொரு அடையாளம் காலம். ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ வடிவத்தோடு ‘நேற்று’ சேராது. தமிழில் ‘நேற்றே வந்துவிட்டார்’ என்றும் சொல்லலாம், ‘நாளைக்குள் வந்துவிடுவார்’ என்றும் சொல்லலாம். ‘வந்துவிடு’ என்று ஏவவும் செய்யலாம். ஆகவே ‘விடு’ அந்த ஆங்கில வடிவத்தின் தமிழ்ப் பெயர் அல்ல.

எதிர்மறையிலும் அது அப்படியே போகாது. ‘வந்துவிட்டார்’ என்பதற்கு மறுப்பு ‘இன்னும் வரவில்லை’; ‘வந்துவிடவில்லை’ என்றால் ‘அப்படியொன்றும் நடக்கவில்லை’ என்று வாதிடும் தொனி. ‘விழுந்துவிடாதே’ மட்டும் வேறு: தெரியாமல் நடக்கக்கூடியதைப் பற்றிய எச்சரிக்கை. உயரமான திண்ணையில் ஏறும் பிள்ளையிடம் ‘விழாதே’ என்பதைவிட அதுதான் வாயில் வரும்.

‘கொள்’ என்றாலே நன்மை என்று மனப்பாடம் செய்வது

‘விலாசத்தை எழுதிக்கொள்’, ‘பலகாரம் எடுத்துக்கொள்’ என்பவற்றில் நன்மை செய்பவருக்கே. சரி. ஆனால் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டவருக்கு என்ன நன்மை? செயலின் பலன், நல்லதோ கெட்டதோ, செய்தவரிடமே திரும்புகிறது என்பதுதான் ‘கொள்’. ‘விரலை வெட்டினாள்’ என்றால் யார் விரலோ என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலம் இதற்கு ‘ஹெர்செல்ஃப்’ போலத் தனிப் பதிலிப்பெயர் போடும். தமிழ் வினையிலேயே சொல்லிவிடுகிறது.

‘இங்’ வந்தால் ‘கொண்டிருக்கிறாள்’ போடுவது

ஆங்கிலக் குறிப்பில் ‘வேரிங்’ என்று இருந்தாலும், படத்தில் கண்டாங்கிச் சேலையோடு நிற்கும் பெண்ணைக் ‘கட்டியிருக்கிறாள்’ என்று எழுதுங்கள். ‘கட்டிக்கொண்டிருக்கிறாள்’ என்றால் இன்னும் கொசுவம் வைத்து முடிக்கவில்லை என்றும் படிக்கலாம்.

பேச்சில் ‘ட்டு’ எல்லாம் ஒன்றென நினைப்பது

‘சாப்ட்டுட்டு பேசு’ என்பது ‘சாப்பிட்டுவிட்டுப் பேசு’. ‘வந்துட்டு இருக்கேன்’ என்பதில் இருப்பது ‘கொண்டு’. ‘வந்துட்டேன்’ என்பதில் மறுபடி ‘விடு’. பேட்டியை எழுத்தில் இறக்கும்போது அடுத்த சொல்லைப் பார்க்காமல் விரிக்காதீர்கள்.