கையெழுத்தான ஒப்பந்தத்தில் தட்டச்சுப் பிழையா? ஃபைலைத் திறக்காதீர்கள், திருத்தம் போடுங்கள்

கையெழுத்தெல்லாம் முடிந்து ஆளுக்கொரு பிரதி போய்ச் சேர்ந்து, இரண்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடப்போய் ஒப்பந்தத்தைப் புரட்டும்போதுதான் பிழை கண்ணில் படும். ஒரு சேவை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிரிவு 9.2 இப்படி இருக்கிறது: "எந்தத் தரப்பும் 30 (மூன்று) நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்." பேசியது முப்பது நாள். தட்டச்சு செய்தவர் கையில் முப்பது மூன்றாகிவிட்டது.

எண் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தால் எழுதியதையே எடுத்துக்கொள்வது பல நாடுகளில் ஆவணங்களைப் படிக்கும் பழைய வழக்கம். சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லலாம், ஆனால் வாதம் தொடங்கும்போது கை ஓங்கியிருப்பது பிழையான சொல்லுக்குத்தான்.

சரி, வேர்டு ஃபைலைத் திறந்து ஒரு சொல்லை மாற்றி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் செருகிவிட்டால் என்ன? இதைத்தான் செய்யவே கூடாது. உங்கள் பிரதியில் முப்பது, அவர்கள் பிரதியில் மூன்று என்று ஒரே கையெழுத்துக்குக் கீழே இரண்டு ஒப்பந்தங்கள் உருவாகிவிடும். டிஜிட்டல் கையொப்பம் போட்ட பிடிஎஃப் என்றால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். கையொப்பம் இடும்போதே ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு குறியீடு கணக்கிடப்பட்டு அதனுடன் பூட்டப்படுகிறது, பிறகு ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துப்போகாது, திறப்பவருக்கு எச்சரிக்கை வரும். சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1614-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பிகாட் வழக்கிலிருந்து வரும் விதி, கையெழுத்தான பத்திரத்தில் ஒரு தரப்பு தன்னிச்சையாக முக்கியமான மாற்றம் செய்தால் அந்தத் தரப்பு பத்திரத்தையே இழக்க நேரிடலாம் என்கிறது. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதன் சாயல் இன்றும் உண்டு. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் மாற்றினீர்கள் என்பதை அப்போது யாருக்கும் நிரூபிக்க முடியாது.

படி 1: அது உண்மையிலேயே தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள்

கையெழுத்துக்கு முன் போய்வந்த வரைவுகளையும் மின்னஞ்சல்களையும் எடுங்கள். மூன்றாவது வரைவு வரை "30 (முப்பது)" என்று இருந்து, கடைசி வரைவில் மட்டும் மாறியிருந்தால் அது பிழை. அந்த வரைவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுதரப்புக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் அவர்கள் "நாங்கள் மூன்று நாள் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம்" என்றால் இது பிழை திருத்தமே இல்லை, மறுபேச்சுவார்த்தை. அங்கே நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

கூடவே 'முன்னறிவிப்பு' என்ற சொல்லை ஒப்பந்தம் முழுக்கத் தேடுங்கள். இணைப்பிலோ அட்டவணையிலோ அதே பிழை இன்னொரு முறை ஒட்டியிருக்கும், ஒரே திருத்தத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

படி 2: திருத்தம் செய்வது பற்றி ஒப்பந்தமே என்ன சொல்கிறது?

பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் 'பொதுவானவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு பிரிவு இருக்கும்: "இரு தரப்பும் எழுத்துமூலம் கையெழுத்திட்டாலன்றி எந்த மாற்றமும் செல்லாது" என்பது போல. அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: யார் கையெழுத்திட வேண்டும், எந்த வடிவில், வேறு யாருடைய சம்மதமாவது தேவையா. உத்தரவாதம் கொடுத்தவர் ஒருவர் இருந்தால் அவரையும் சேர்ப்பது நல்லது. மூல ஒப்பந்தத்தைச் சாட்சி வைத்தோ பதிவு செய்தோ போட்டிருந்தால், திருத்தத்துக்கும் அதே சடங்கு தேவைப்படலாம். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

படி 3: மறுதரப்புக்கு எழுதுங்கள்

சுற்றி வளைக்காமல் நாலு வரி போதும்.

> 12.03.2024 தேதியிட்ட நம் ஒப்பந்தத்தின் பிரிவு 9.2-இல் "30 (மூன்று) நாட்கள்" என்று உள்ளது. நாம் ஒத்துக்கொண்டது முப்பது நாட்கள் (இணைத்துள்ள முந்தைய வரைவைப் பார்க்கவும்). இதைச் சரிசெய்ய ஒரு சிறு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சம்மதம் என்றால் சொல்லுங்கள், கையெழுத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

"சரி, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்துக் கேட்டால் மின்னஞ்சல் சம்மதம் போதாமல் போகலாம்.

படி 4: திருத்தத்தை எழுதுவது

ஒரு பக்கம் தாண்டாது. தரப்புகளின் பெயர்கள் மூல ஒப்பந்தத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து வர வேண்டும்.

> திருத்தம் எண் 1
>
> முதல் தரப்புக்கும் இரண்டாம் தரப்புக்கும் இடையே 12.03.2024 அன்று கையெழுத்தான சேவை ஒப்பந்தத்தின் ("மூல ஒப்பந்தம்") திருத்தம்.
>
> 1. மூல ஒப்பந்தத்தின் பிரிவு 9.2-இல் "30 (மூன்று) நாட்கள்" என்று இருப்பது தட்டச்சுப் பிழை என இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.
>
> 2. பிரிவு 9.2 முழுவதும் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் பின்வருவது சேர்க்கப்படுகிறது: "எந்தத் தரப்பும் 30 (முப்பது) நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்."
>
> 3. இந்தத் திருத்தம் 12.03.2024 முதலே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்படும். இன்று வரை பிரிவு 9.2-இன் கீழ் எந்தத் தரப்பும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை.
>
> 4. மூல ஒப்பந்தத்தின் மற்ற எல்லாப் பிரிவுகளும் மாற்றமின்றித் தொடரும்.
>
> கையெழுத்து, பெயர், பதவி, கையெழுத்திட்ட தேதி (இரு தரப்பும்)

ஒரு சொல்லை மாற்ற ஏன் முழுப் பிரிவையும் திரும்ப எழுத வேண்டும்? "மூன்று என்பதை முப்பது என மாற்றுக" என்று மட்டும் எழுதினால், அந்தச் சொல் பிரிவில் இரண்டு இடத்தில் வந்தால் எது என்ற கேள்வி வரும். முழுதாக எழுதினால் படிப்பவர் இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வரியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நடைமுறைக்கு வரும் தேதி பின்னோக்கி இருக்கலாம், ஏனென்றால் அது வெளிப்படையாக எழுதப்பட்ட ஒப்புதல். ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் போடும் தேதி, உண்மையில் கையெழுத்துப் போட்ட நாளாகவே இருக்க வேண்டும். 20.05.2024 அன்று போட்டுவிட்டு 12.03.2024 என்று எழுதினால், நாம் தவிர்க்க நினைத்த அதே ரகசியத் திருத்தம் வேறு உருவத்தில் வந்துவிடும். இன்னொன்று, இடைப்பட்ட காலத்தில் யாராவது மூன்று நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகியிருந்தால் இந்த மாதிரியை அப்படியே போடாதீர்கள். நடந்துபோனதை என்ன செய்வது என்று இருவரும் பேசி அதையும் தனி வரியாக எழுத வேண்டும்.

பழைய பிரதியிலேயே பேனாவால் அடித்து, இருவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். எல்லாப் பிரதிகளும் ஒரே மேசையில் இருக்கும்போது, கையெழுத்துப் போடுகிற அதே நாளில் செய்தால் ஆகும். பிரதிகள் பிரிந்த பிறகு ஒன்று விடுபட்டாலே சிக்கல், அதனால் நாட்கள், தொகை, பெயர் போன்றவற்றுக்கு நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

படி 5: கையெழுத்து, அப்புறம் கோப்பு

மூல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களே இதிலும் போடட்டும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், புதியவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருப்பதற்கான ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள். மூல ஃபைலை அப்படியே வைத்து, திருத்தத்தை அதன் பக்கத்திலேயே தனி ஃபைலாகச் சேமியுங்கள். காகிதப் பிரதி என்றால் பின்னால் இணைத்துவிடலாம். மூல ஒப்பந்தத்தின் நகல் கணக்குப் பிரிவுக்கோ வேறு யாருக்கோ போயிருந்தால் அவர்களுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். இனி எழுதும் கடிதங்களில் "12.03.2024 தேதியிட்ட, திருத்தம் எண் 1-ஆல் திருத்தப்பட்ட ஒப்பந்தம்" என்றே குறிப்பிடுங்கள், அடுத்து ஏதாவது வந்தால் அது எண் 2.