பாதி நெளி, பாதி நேர்: ஒரே தலையில் இரண்டு விதமாக வளரும் முடிக்குச் செய்யக்கூடாதவை

காரைக்குடியில் கல்யாண அலங்காரத்துக்கு என்னோடு உதவிக்கு வரும் பெண்கள் எல்லாரும் முதல் மாதத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தவள்தான் என்பதால் பார்க்கும்போது கோபம் இன்னும் கூடுதலாக வருகிறது. ஈரத்தலையில் அயர்ன் வைப்பது, எண்ணெய்த் தலையில் முடி சுருட்டும் டாங் வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை புகை வந்தாலே புரிந்துவிடும்.

நெளியை நேராக்கி ஒப்பேற்றுவது

உச்சியில் நேர்முடி, காதோரமும் பிடரியும் நெளிமுடி. இப்படி ஒரு தலை வந்தால் கை தானாக ஸ்ட்ரெய்ட்னரைத் தேடும். எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம்.

ஒரு ஆவணி முகூர்த்தம். மணப்பெண்ணுக்கு இடுப்பு வரை முடி. இடது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் நல்ல நெளி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இழுத்து நேராக்கினேன். கண்ணாடியில் பட்டுப்போல இருந்தது. பிறகு பூக்காரர் தண்ணீர் தெளித்துக் கொடுத்த மல்லிகைச் சரத்தைப் பிடரியில் சுற்றினேன். வளவு முழுக்கக் கூட்டம், ஹோமப் புகை, கழுத்தில் வேர்வை. தாலி ஏறுவதற்குள் இடப்பக்க முடி உப்பிவிட்டது. வகிட்டில் நேராகப் படுத்திருந்த நெற்றிச்சுட்டியின் சங்கிலி அந்தப் பக்கம் தூக்கி, வலப்பக்கமாக நழுவி நின்றது. ஆல்பத்தில் பாதிப் படங்களில் சுட்டி கோணல். பெண்ணின் அப்பத்தா, “அது என் முடி ஆத்தா, அதை அடக்க முடியாது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் எளிது. சூடு, முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தும். ஆறும்போது அவை புது வடிவத்தில் சேர்ந்துகொள்ளும். ஈரம் பட்டால் திரும்பவும் அவிழும், முடி பிறவி வடிவத்துக்குப் போய்விடும். வேர்வையும் பூவின் ஈரமும் அதிகம் சேர்வது பிடரியிலும் காதோரத்திலும்தான். நெளி இருந்ததும் அதே இடத்தில்தான்.

அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். நெளியைத் தொடுவதில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்து, லீவ்-இன் கிரீம் ஒரு பட்டாணி அளவு தடவி, உள்ளங்கையால் கசக்கி அப்படியே காய விடுகிறேன். நேராக இருக்கும் உச்சி முடியைத்தான் நெளிக்கு இசையச் சுருட்டுகிறேன். முதலில் பெண்ணின் சொந்த நெளியில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எத்தனை விரல் என்று வைத்துப் பார்ப்பேன். நெளி அகலமென்றால் தடித்த டாங், நெருக்கமென்றால் மெல்லியது. பெரும்பாலும் 25 மி.மீ. சரிப்படும். இரண்டு விரல் அகலக் கற்றை, 160 டிகிரி, எட்டு வினாடி. எடுத்தவுடன் விடக் கூடாது. சுருளை உள்ளங்கையில் தாங்கி, கிளிப் போட்டு, தொட்டால் குளிர்ச்சியாகும் வரை பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு விரலால் மட்டும் பிரிக்க வேண்டும்.

நேர்முடி சுருளைப் பிடித்துக்கொள்ளாது, தளரும். அதற்காகச் சொந்த நெளியைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே போடுங்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் இறங்கி, பக்கத்து நெளியோடு கலந்துவிடும். இழுத்த முடி கலைந்தால் உப்பும். சுருட்டிய முடி கலைந்தால் வெறும் தளர்ந்த நெளிதான், யாருக்கும் தெரியாது.

இடுப்புக்குக் கீழ் தொங்கும் கனமான நேர்முடியில் இது நிற்காது. அங்கே முகத்தைச் சுற்றியும் உச்சியிலும் மட்டும் நெளி வைத்து, மீதியைப் பின்னலுக்குள் சேர்த்துவிடுகிறேன்.

சீவிய தலையைப் பார்த்து முடிவெடுப்பது

சீப்பு பட்டால் நெளி கலைந்து ஒளிந்துகொள்ளும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தலைக்குக் குளித்து, சீவாமல், கட்டாமல் காய விடச் சொல்லி, நான்கு பக்கமும் படம் வாங்குங்கள். எங்கே எது வளர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நெற்றியோரத்தில் மட்டும் நேராகக் கிடந்தால், “அங்கே தினமும் அயர்ன் வைப்பீங்களா?” என்று கேளுங்கள். சூட்டில் கெட்ட முடி நனைந்தாலும் நெளியாது. அதன்மேல் இன்னும் சூடு வைத்தால் முறியும்.

மொத்தத் தலைக்கும் ஸ்மூத்னிங்

முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் கிரீமை நெளிக்கு வேண்டிய நேரம் விட்டால் நேர்முடிக்கு அது அதிகம். மூன்று நான்கு மாதத்தில் வேரிலிருந்து நெளி மூன்று நான்கு சென்டிமீட்டர் எழும்பியும் நிற்கும். கல்யாணத்துக்காக மட்டும் என்றால் நான் செய்து தருவதில்லை.

நனைத்து வெட்டுவது

காய்ந்ததும் நெளி ஏறும், நேர் அப்படியே நிற்கும். காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

முழுத் தலைக்கும் ஒரே ஜெல்

நெளிக்கு மட்டும்.